‘டேப் நைன்’: குரலால் மட்டும் ஓடும் கைபேசி

என் பெரியப்பா மகனுக்குத் தென்னையிலிருந்து விழுந்து கழுத்தில் அடி. ஐந்தாவது கழுத்து எலும்பு மட்டத்தில் தண்டுவடம் சேதமானது. மருத்துவர்கள் இதை ‘சி5’ என்று எழுதுவார்கள். தோளைத் தூக்க முடியும், முழங்கையை மடக்க முடியும். மணிக்கட்டும் விரல்களும் அசையாது. நினைவும் பேச்சும் முன்பு போலவே இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் அவர் கையில் ஒரு கைபேசியைக் கொடுத்துவிட ஆசைப்பட்டார்கள். வாங்கியும் கொடுத்தார்கள். அது பல மாதம் அண்ணியின் கையிலேயே இருந்தது. அழைப்பு வந்தால் அண்ணி எடுத்து அவர் காதில் வைப்பார். பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணன் யாரிடம் என்ன பேசினாலும் பக்கத்தில் ஒரு ஆள் உண்டு.

பக்கவாதம் வந்தவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், கடுமையான மூட்டுவாதத்தில் விரல் மடங்கிப்போனவர்கள் என்று இந்த நிலையில் இருப்பவர்கள் பலவகை. தொடுதிரை அவர்களிடம் கேட்பது மிகுதி. தொட வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், இரண்டு விரலால் விரிக்க வேண்டும். வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு திரையைத் தொடுகிறவர்கள் உண்டு. சிறிது நேரத்தில் கழுத்து வலித்துவிடும். பேச்சு தெளிவாக இருப்பவருக்கு அதைவிட நல்ல வழி ஒன்று கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அதைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

குரலால் போனை இயக்குவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘ஓகே கூகுள்’ என்று கூப்பிட்டு வேலை சொல்வது. ‘அம்மாவுக்குப் போன் போடு’, ‘நாளை மழை வருமா’ என்றால் அது செய்யும், சொல்லும். அதற்குத் தெரிந்த வேலைகளை மட்டுமே அது செய்யும். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் மூன்றாவதாக வந்த படத்தைத் திறந்து பெரிதாக்கு என்றால் அதற்குப் புரியாது. மின்கட்டணச் செயலியில் நீல நிறப் பொத்தானை அழுத்து என்றாலும் அப்படியே. நம்முடைய அன்றாடப் போன் பயன்பாட்டில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட வேலைதான்.

நமக்கு வேண்டியது வேறு ஒரு கருவி. ஆண்ட்ராய்டு போன்களில் அதன் பெயர் ‘வாய்ஸ் ஆக்சஸ்’. 2018 அக்டோபரில் கூகுள் இதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. ஐபோனில் ‘வாய்ஸ் கன்ட்ரோல்’ என்ற பெயரில் 2019-இல், ஐஓஎஸ் 13 பதிப்போடு வந்தது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: திரையில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று நாம் வாயால் சொன்னால், அந்த இடத்தைத் தொட்டதாகப் போனை நம்பவைக்கும். எந்தச் செயலி, என்ன வேலை என்பதெல்லாம் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டுக்கும் தனிக் காசு கிடையாது. நம் வீடுகளில் ஆண்ட்ராய்டுதான் அதிகம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஐபோனில் மாறுபடும் இடங்களை மட்டும் நடுவில் குறிப்பிடுகிறேன்.

Settings பகுதியில் Accessibility என்று ஒன்று இருக்கும். அதற்குள் Voice Access இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் அதே பெயரில் கிடைக்கும். இயக்கிவிடும்போது திரையில் உள்ளதைப் பார்க்கவும் தொடவும் அனுமதி கேட்கும். கொடுத்தால்தான் வேலை நடக்கும். ஐபோனிலும் Settings, Accessibility, Voice Control என்ற வரிசைதான். முதல்முறை ஒரு கோப்பு இறங்கும். அதன் பிறகு இணையம் இல்லாமலும் ஓடும்.

இதை இயக்கிவிட்டுப் போனைத் தலையணை ஓரம் வைத்துவிட்டுப் போனால், பத்து நிமிடத்தில் ‘இதெல்லாம் சரிப்பட்டு வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். போன் எங்கே நிற்கிறது என்பதில்தான் முதல் வெற்றியோ தோல்வியோ இருக்கிறது. வளையும் கழுத்துள்ள ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி அதன் கிளாம்பைக் கட்டிலின் சட்டத்தில் இறுக்க வேண்டும். போன் முகத்துக்கு நேராக, சிறிய எழுத்தும் படிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான போன்களில் பேசுவதற்கான மைக் கீழ்விளிம்பில் ஒரு சிறு துளையாக இருக்கும். ஸ்டாண்டின் பிடி அந்தத் துளையை மூடிவிடக் கூடாது. அண்ணன் வீட்டில் நடந்தது அதுதான். போனைக் குறுக்கே திருப்பி மாட்டியிருந்தார்கள். பிடியின் ரப்பர் சரியாக மைக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் உரக்கக் கத்தியும் போன் பாதிதான் கேட்டது. நேராகத் திருப்பி, பிடியை நடுப்பகுதிக்கு மாற்றிய பிறகு மெல்லச் சொன்னாலே கேட்டது.

சார்ஜர் கம்பி எப்போதும் குத்தியே இருக்கட்டும். தீர்ந்துபோன போனை அவரால் சொருக முடியாது. தலைக்கு நேர்மேலே ஓடும் மின்விசிறியும் பக்கத்து அறைத் தொலைக்காட்சியும் பெரிய எதிரிகள். மைக் உள்ள கம்பி இயர்போன் ஒன்றைச் சட்டைக் காலரில் வாய்க்கு அருகே குத்திவைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இன்னொன்றைக் குரல்வழிக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் குரலும் முன்பு போல வலுவாக இருப்பதில்லை. சி5 மட்டத்தில் அடிபட்டவருக்கு மூச்சை இழுக்கும் உதரவிதானம் பெரும்பாலும் வேலை செய்யும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையும் வயிற்றுத் தசையும் வேலை செய்வதில்லை. அதனால் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய சொற்கள் குறைந்துவிடும். நீண்ட வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால், கேட்கும் கருவி ‘பேசி முடித்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்ளும். பாதிக் கட்டளையை வைத்து எதையாவது செய்தும்விடும்.

உட்கார்ந்தால் குரல் நன்றாக வரும் என்று நாம் நினைப்போம். இவர்களில் பலருக்கு நேர்மாறு. படுத்திருக்கும்போது உதரவிதானத்துக்கு நல்ல வீச்சு கிடைக்கிறது. நிமிர்த்தி உட்கார வைத்தால், இறுக்கிப் பிடிக்க வயிற்றுத் தசை இல்லாததால் வயிறு முன்னால் சரிந்து, மூச்சின் அளவு குறைகிறது. உட்காரும்போது வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் இதற்கு உதவும். அதை மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்டுத்தான் போட வேண்டும். காலையில் கேட்ட போன் மாலையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கவில்லை என்று அண்ணன் சொன்னபோது, போனைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். காரணம் மூச்சில் இருந்தது. ஆகவே ஸ்டாண்ட் இரண்டு நிலைக்கும் வளைய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது மைக் வாய்க்கு இன்னும் அருகில் வர வேண்டும். கட்டளைகளும் மிகச் சின்னதாக இருக்க வேண்டும்.

மிகச் சின்னக் கட்டளை ஓர் எண். முழுமுறையும் நிற்பது இந்த எண்களின் மேல்தான். ‘ஷோ நம்பர்ஸ்’ என்று சொன்னதும் திரையில் தொடக்கூடிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு எண் தோன்றும். தேடல் பெட்டிக்கு 2, மூன்று புள்ளிக்கு 4, முதல் உரையாடலுக்கு 7 என்று வரிசையாக நிற்கும். ‘டேப் செவன்’ என்றால் அது திறக்கும். எண்கள் திரையில் இருக்கும்போது வெறுமனே ‘செவன்’ என்றாலும் போதும். எண்களை மறைக்க ‘ஹைட் நம்பர்ஸ்’.

பொத்தானின் பெயரைச் சொல்லியும் தொடலாம். ‘டேப் கால்ஸ்’, ‘டேப் சென்ட்’ என்றால் கேட்கும். ஆனால் பெயர் எது என்று யோசிப்பதைவிட எண்ணைப் பார்த்துச் சொல்வது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும். புதிதாகக் கற்பவருக்கு எண்களை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்பது என் துணிந்த கருத்து. பெயர்கள் தானாக வந்து சேரும்.

எண்களுக்கு அடுத்தபடியாக ஒரு கைப்பிடிக் கட்டளைகள் போதும். மேலும் கீழும் போக ‘ஸ்க்ரோல் டவுன்’, ‘ஸ்க்ரோல் அப்’. முந்திய திரைக்கு ‘கோ பேக்’. முகப்புக்கு ‘கோ ஹோம்’. ஒரு செயலியைத் திறக்க ‘ஓபன்’ என்று சொல்லி அதன் பெயர். அழுத்திப் பிடிக்க ‘லாங் பிரஸ்’ என்று சொல்லி எண். கேட்பதை நிறுத்த ‘ஸ்டாப் லிசனிங்’. மறந்துபோனால் ‘வாட் கேன் ஐ சே’ என்று கேட்டால் அதுவே பட்டியலைக் காட்டும்.

ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால் இது விளங்கும். அண்ணன் மதுரையில் இருக்கும் தங்கைக்கு, வாட்ஸ்அப்பில் வந்த குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். ‘ஓபன் வாட்ஸ்அப்’ என்கிறார். உரையாடல் பட்டியல் வருகிறது. ‘ஷோ நம்பர்ஸ்’. தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் 9. ‘டேப் நைன்’. உரையாடல் திறக்கிறது. படத்தின் மேல் 6 என்று இருக்கிறது. ‘சிக்ஸ்’. படம் திரை முழுக்க விரிகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம், யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. ‘கோ பேக்’. மீண்டும் உரையாடல். எழுதும் பெட்டிக்கு எந்த எண்ணோ அதைச் சொல்கிறார். விசைப்பலகை எழுகிறது. ‘டைப் வெரி நைஸ்’ என்கிறார். பெட்டியில் எழுத்து வந்துவிட்டது. ‘டேப் சென்ட்’. போய்விட்டது.

தவறாக விழுந்தால்? சொன்னதை எப்படிக் கேட்டது என்பதைத் திரையிலேயே எழுத்தாகக் காட்டும். அதைப் பார்க்கும் பழக்கம் மிக முக்கியம். ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். எழுத்தே தோன்றவில்லை என்றால் ஒலி போய்ச் சேரவில்லை. மைக்கையும் மின்விசிறியையும் பாருங்கள். வேறு சொல் தோன்றினால் ஒலி சேர்ந்தது, உச்சரிப்புதான் பிடிபடவில்லை. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன்’ என்பதும் ‘தர்ட்டி’ என்பதும் அடிக்கடி குழம்பும். பதினான்கும் நாற்பதும் அப்படியே. திரையைச் சற்றே உருட்டினால் அதே பொருளுக்கு வேறு எண் விழும். குழப்பமில்லாத எண்ணாக வந்ததும் சொல்லலாம். அண்ணன் தானாகவே கண்டுபிடித்த வழி இது.

எழுதியதைத் திருத்தவும் கட்டளைகள் உண்டு. கடைசிச் சொல்லை நீக்க ‘டிலீட் த லாஸ்ட் வேர்ட்’. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று வைக்க ‘ரீப்ளேஸ்’ என்று தொடங்கி, பழைய சொல், ‘வித்’, புதிய சொல். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கண்ணால் படித்துவிடுவது நல்லது.

இப்போது நமக்கான பெரிய குறை. மேலே நான் சொன்ன கட்டளை ஒன்றுகூடத் தமிழில் இல்லை. இதை எழுதும்போது வாய்ஸ் ஆக்சஸ் தமிழில் சொல்வதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ஐபோனின் வாய்ஸ் கன்ட்ரோலும் அப்படியே. கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசி எழுதும் வசதி 2017 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. தமிழைக் கேட்டு எழுத்தாக்கத் தெரிந்த நிறுவனம், ‘கீழே போ’, ‘ஏழைத் தொடு’ என்ற பத்துப் பதினைந்து தொடர்களைக் கட்டளையாக ஏற்கச் செய்யாமல் இத்தனை ஆண்டுகள் விட்டிருப்பது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர் கட்டிலில் விழுந்தால், ஒன்று முதல் ஐம்பதுவரை ஆங்கிலத்தில் எண்ணக் கற்ற பிறகுதான் தன் மகளுக்குப் போன் போட முடியும் என்ற நிலை இருக்கிறது.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. எண்ணும் பத்துக் கட்டளையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது எந்த வயதிலும் முடிகிற காரியம். பெரிய எழுத்தில், தமிழ் வரிவடிவத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலக் காது பிடிக்காது. ‘அன்பழகன்’ என்று சொன்னால் அது எதையோ எழுதும். ஆகவே முக்கியமான தொடர்புகளின் பெயரை ‘டாக்டர்’, ‘பிரதர்’, ‘மில்க்’, ‘மெடிக்கல்’ என்பதுபோல் மாற்றிச் சேமித்துவிடலாம். அல்லது அவர்களைத் தொலைபேசிச் செயலியின் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டால், பெயரே சொல்லாமல் எண்ணைச் சொல்லி அழைக்கலாம்.

தமிழில் செய்தி எழுத வேண்டுமானால் கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, அதன் மைக் பொத்தானை எண் சொல்லித் தொட்டுப் பேசலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். மைக் ஒன்று, கேட்க விரும்புவோர் இருவர். விசைப்பலகை தமிழைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வாய்ஸ் ஆக்சஸ் மௌனமாகிவிடலாம். அல்லது அதே தமிழை ஆங்கிலக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எங்கேயாவது தொட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் குரல்செய்தி பதிவு செய்யும்போதும் இதே மோதல்தான். போனுக்குப் போன் இது மாறும். உங்கள் போனில் எப்படி என்பதை, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது முதலில் சோதித்துவிடுங்கள். ஒத்துவராவிட்டால் நீண்ட விஷயத்துக்கு நேரடியாக அழைத்துப் பேசுவதே மேல். அண்ணன் அப்படித்தான் செய்கிறார். எழுத்தில் நாலு ஆங்கிலச் சொல், மற்றதெல்லாம் அழைப்பு.

அழைப்பு என்றதும் இன்னொரு விஷயம். பேசிக்கொண்டிருக்கும்போது இந்தக் கருவி கேட்காமல் ஒதுங்கிக்கொண்டால், அழைப்பைத் துண்டிக்க அவரால் முடியாது. எதிர்முனையில் இருப்பவர்தான் துண்டிக்க வேண்டும். அழைப்பின்போதும் செயல்பட அனுமதிக்கும் இடத்தை வாய்ஸ் ஆக்சஸின் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். ஒலிபெருக்கியில்தான் பேசியாக வேண்டும் என்பதால், எதிர்முனைக் குரல் கட்டளையாகிவிடாதபடி இயர்போன் போடுவது நல்லது. ஐபோனில் வரும் அழைப்பைத் தானாகவே எடுக்கச் செய்யலாம். Accessibility, Touch, Call Audio Routing என்று போனால் Auto-Answer Calls இருக்கும். எத்தனை நொடிக்குப் பிறகு எடுக்க வேண்டும் என்பதையும் வைக்கலாம். கை அசையாதவருக்கு இது ஒன்றே பெரிய விடுதலை.

அணைத்த கருவியை எழுப்புவது அடுத்த கேள்வி. ‘ஸ்டாப் லிசனிங்’ என்று நிறுத்திவிட்டால், மீண்டும் தொடங்கத் திரையைத் தொடும்படி ஆகிவிடக் கூடாது. ஆண்ட்ராய்டில் ‘ஹே கூகுள், வாய்ஸ் ஆக்சஸ்’ என்று கூப்பிட்டு எழுப்பலாம். அதற்கு ‘ஹே கூகுள்’ என்ற அழைப்பை அவருடைய குரலிலேயே பதிந்து வைத்திருக்க வேண்டும். மனைவியின் குரலில் பதிந்துவிட்டு அவரைக் கூப்பிடச் சொல்லிப் பயனில்லை. சற்று நேரம் பேச்சில்லாவிட்டால் தானாகவே கேட்பதை நிறுத்தும் அமைப்பு ஒன்றும் உண்டு. மூச்சு வாங்கி மெல்லப் பேசுகிறவருக்கு அதை அணைத்துவிடுவது உதவும். ஐபோனில் ‘கோ டு ஸ்லீப்’ என்றால் தூங்கும், ‘வேக் அப்’ என்றால் எழும். கேட்டுக்கொண்டே தூங்குவதால் இந்த விஷயத்தில் ஐபோன் ஒரு படி மேல்.

தொலைக்காட்சி பேசுவதையும் வீட்டார் பேசுவதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் தொல்லைக்கு ஆண்ட்ராய்டில் ஓரளவு மருந்து உண்டு. திரையைப் பார்க்கும்போது மட்டும் கேட்கும் வசதியை 2021-இல் சேர்த்தார்கள். முன்பக்கக் கேமரா முகத்தைப் பார்க்கும்படி ஸ்டாண்ட் நின்றால் அது நன்றாக வேலை செய்யும்.

பூட்டைப் பற்றி. விரல்ரேகை இவருக்குப் பயன்படாது. ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொன்னால் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். முகத்தைக் காட்டித் திறப்பதே பொருத்தம். முகத்தைக் கண்டதும் பூட்டுத்திரையில் நிற்காமல் நேராக உள்ளே போகும்படியும் அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகம் கண்டும் மேலே இழுக்கச் சொல்லிப் போன் காத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பொறி இரவில் இருக்கிறது. போன் அணைந்து மீண்டும் எழுந்தால் முதல்முறை முகத்தை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். இரவு இரண்டு மணிக்குத் தானாகப் புதுப்பித்துக்கொண்டு போன் மறுதொடக்கம் ஆனால், விடியும்வரை அவருக்குப் போன் இல்லை. தனியாகப் படுத்திருப்பவருக்கு அது ஆபத்து. தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, பகலில் ஒருவர் இருக்கும்போது கையால் செய்யுங்கள்.

எண்ணே தோன்றாத பொத்தான்களும் உண்டு. செயலியை உருவாக்குகிறவர் ஒவ்வொரு பொத்தானையும் ‘இது தொடக்கூடிய பொருள், இதன் பெயர் இது’ என்று அமைப்புக்கு அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பை வைத்துத்தான் எண் விழுகிறது. வெறும் படமாக வரைந்துவிட்டு, தொட்டால் வேலை செய்யும்படி மட்டும் வைத்திருந்தால், கண்ணுக்குப் பொத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது. அப்போது ‘ஷோ கிரிட்’ என்று சொல்ல வேண்டும். திரை முழுவதும் கட்டங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் எண் வரும். வேண்டிய இடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்த எண்ணைச் சொன்னால் அங்கே தொடும். கட்டம் பெரிதாக இருந்தால் ‘மோர் ஸ்கொயர்ஸ்’. வரைபடத்துக்கும் இதுதான் வழி. வேலை நடக்கும், ஆனால் மூச்சு அதிகம் செலவாகும்.

கடைசியாகப் பணம். சில வங்கிச் செயலிகள், திரையைப் படிக்கவும் தொடவும் அனுமதி பெற்ற வேறு கருவி ஓடுவதைக் கண்டால் திறக்கவே மறுக்கின்றன. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதே அனுமதியைப் பயன்படுத்தித்தான் திருட்டுச் செயலிகள் பணத்தை எடுக்கின்றன. ஆனால் திருடனையும் நோயாளியையும் ஒரே பூட்டால் வெளியே நிறுத்துவது நியாயமில்லை. யுபிஐ ரகசிய எண்ணை உரக்கச் சொல்வதும் பாதுகாப்பில்லை. இப்போதைக்கு நடைமுறையில் உதவுவது யுபிஐ லைட். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அதில் பணத்தை ஏற்றிக்கொண்டால், ஒருமுறைக்கு 1,000 ரூபாய்வரை ரகசிய எண் இல்லாமலே அனுப்பலாம். மொத்தம் 5,000 ரூபாய்வரை வைத்திருக்கலாம். ரீசார்ஜுக்கும் மருந்துக்கடைக்கும் இது போதும். அண்ணன் தன் போனுக்குத் தானே ரீசார்ஜ் செய்த அன்று அண்ணியிடம், “இனி ரீசார்ஜ் தீர்ந்துபோச்சுன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்” என்றார். அண்ணி, “சொல்லாட்டிப் போங்க, பேசுறதைக் கொஞ்சம் குறைங்க” என்றார்.

பேச்சே குழறுபவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. ஐபோனில் 2024-இல் வந்த ஒரு வசதியில், நம்மால் எழுப்ப முடிந்த ஓர் ஒலியையோ சொல்லையோ மூன்றுமுறை பதிந்து, அதை ஒரு வேலையோடு இணைத்துவிடலாம். Vocal Shortcuts என்று பெயர். பதிகிறவருடைய ஒலியையே போன் கற்றுக்கொள்வதால் உச்சரிப்பு தெளிவாக இருக்க வேண்டியதில்லை. குரல் மிகவும் பலவீனமாக இருந்தால் கண்ணசைவால் இயக்கும் வசதியும் அதே ஆண்டு வந்தது. எது பொருந்தும் என்பதை மறுவாழ்வு மையத்தில் இருக்கும் தொழில்வழி சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் விவரம் சரிபார்க்கும் இணைய நடைமுறை பற்றிய வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இதைப் படிக்கும் மென்பொருள் பொறியாளர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் எழுதும் செயலியை இன்று ஒருமுறை வாய்ஸ் ஆக்சஸ் வைத்துத் திறந்து ‘ஷோ நம்பர்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். எண் விழாத பொத்தான் எதுவோ, அதற்கு ஒரு பெயர் வையுங்கள்.